ஒரு கட்டத்துக்குள் இரண்டு தேதி: மாதக் காலண்டர் தாள் எப்படி அமைகிறது?

மார்கழி பிறந்துவிட்டால் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைக் கடைத்தெருக்களில் பொருள் வாங்க வருகிறவர்கள் பில்லோடு சேர்த்து ஒன்றைக் கேட்பார்கள்: “காலண்டர் வந்துவிட்டதா?” உரக்கடையாக இருந்தாலும் நகைக்கடையாக இருந்தாலும் கொடுத்துத்தான் ஆகவேண்டும். நாள்தோறும் கிழிக்கும் தினசரி காலண்டர் ஒரு வகை. மாதத்துக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு படம் என்று பன்னிரண்டு தாள்களோடு சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் இன்னொரு வகை. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. முதன்முறையாகச் சொந்தக் கடைக்குக் காலண்டர் வடிவமைத்து அச்சடிக்க நினைப்பவருக்கு இது உதவும். வீட்டுச் சுவரில் தொங்குவதைச் சரியாகப் படிக்க விரும்புகிறவருக்கும் உதவும்.

பன்னிரண்டு மாதங்களையும் விளக்கப் போவதில்லை. 2025 ஆகஸ்ட் தாள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். காலண்டர் போடுகிறவருக்கு வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன. முடிந்துபோன மாதம் என்பதால், பழைய காலண்டர் வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளவும் முடியும்.

முதலில் தாளைப் பங்கு பிரிப்போம். 15 அங்குல அகலம், 20 அங்குல உயரம் என்று வைத்துக்கொண்டால், சென்டிமீட்டரில் ஏறக்குறைய 38-க்கு 51. மேலே படத்துக்கு 18 சென்டிமீட்டர். அதன் கீழே மாதப் பெயருக்கும் கிழமைப் பெயர்களுக்குமாக 5. அடியில் கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணுக்கு 7. மிச்சம் 21 சென்டிமீட்டர்தான் தேதிக் கட்டங்களுக்கு. பக்கவாட்டில் ஓரம் விட்டது போக அகலத்தில் 35 சென்டிமீட்டர் கிடைக்கும். ஏழு கிழமைக்கும் தலைக்கு 5. ஐந்து வரிசை வந்தால் ஒரு கட்டத்தின் உயரம் 4.2 சென்டிமீட்டர். ஆக, நம் கையில் இருப்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் அகலமான ஓர் இடம். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், பண்டிகை, விடுமுறை எல்லாவற்றையும் இதற்குள் அடக்க ஆசைப்படுவதில்தான் எல்லாத் தொல்லையும் தொடங்குகிறது.

எதை எங்கே வைப்பது என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு தகவல் எந்த அளவில் மாறுகிறதோ, அந்த அளவுக்குரிய இடத்தில் அதை வைக்கவேண்டும். ராகு காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கத்தில் அது கிழமையைப் பொறுத்தது மட்டுமே: திங்கள் 7.30 முதல் 9, புதன் 12 முதல் 1.30, வெள்ளி 10.30 முதல் 12. எந்தப் புதன்கிழமையானாலும் அதே நேரம்தான். அதைக் கிழமைப் பெயரின் கீழே ஒரே ஒரு முறை அச்சிட்டால் போதும். முப்பத்தொரு கட்டத்திலும் திரும்பத் திரும்பப் போட்ட காலண்டர்களைப் பார்த்திருக்கிறேன். இடமும் போய், படிக்கிறவர் கண்ணும் போய்விடும். எமகண்டமும் அப்படியே. மாதம் முழுவதற்கும் பொதுவானவை தலைப்புக்குப் போகவேண்டும். நாளுக்கு நாள் மாறுகிறவற்றுக்கு மட்டுமே கட்டத்துக்குள் இடம்.

தலைப்பில் ‘ஆகஸ்ட் 2025’ என்று பெரிதாக வரும். அதன் அருகே ‘விசுவாவசு ஆண்டு, ஆடி – ஆவணி’ என்று வரவேண்டும். ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டு தமிழ் மாதங்கள் ஏன் வருகின்றன என்பதுதான் இந்தத் தாளின் அடிப்படை.

ஆங்கில மாதம் எண்ணிக்கையால் முடிகிறது. ஆகஸ்ட் என்றால் 31 நாள், எந்த ஆண்டானாலும் மாற்றமில்லை. தமிழ் மாதம் சூரியனால் முடிகிறது. சூரியன் கடக ராசியில் இருக்கும் காலம் ஆடி. சிம்ம ராசிக்குள் நுழைந்தால் ஆவணி. இந்த நுழைவு எந்த நேரத்திலும் நடக்கலாம், பகலிலும் இரவிலும். தமிழ்நாட்டு வழக்கம் இதுதான்: நுழைவு சூரியன் மறைவதற்கு முன் நடந்தால் அன்றைக்கே மாதப் பிறப்பு, மறைந்த பிறகு நடந்தால் மறுநாள் மாதப் பிறப்பு. 2025-இல் சிம்ம ராசிக்குள் சூரியன் நுழைந்தது ஆகஸ்ட் 16 சனிக்கிழமை சூரியன் மறைந்த பிறகு, இரவில். அதனால் ஆவணி 1 ஆனது 17, ஞாயிற்றுக்கிழமை. ராசிக்கு ராசி சூரியன் தங்கும் காலம் வேறுபடுவதால் தமிழ் மாதங்கள் 29 நாள் முதல் 32 நாள் வரை நீளும். மார்கழி குட்டை மாதம். ஆனி 32 நாள் வரைகூடப் போகும். ஆங்கில மாதங்களின் நாள் எண்ணிக்கையை விரல் முட்டியில் எண்ணிச் சொல்வதுபோல, தமிழ் மாதங்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கு ஆண்டு பஞ்சாங்கத்தைப் பார்க்கவேண்டும்.

இப்போது கட்டங்களை நிரப்பலாம். 2025-இல் ஆடி 1 என்பது ஜூலை 17. அங்கிருந்து எண்ணினால் ஜூலை 31 ஆடி 15. ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை, ஆடி 16. முதல் கட்டத்தில் பெரிய எழுத்தில் 1, மூலையில் சிறிய எழுத்தில் ‘ஆடி 16’. அடுத்த கட்டத்தில் 2, மூலையில் 17. ஞாயிற்றுக்கிழமை 3, மூலையில் 18. காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு அந்த 18-ஐப் பார்த்ததும் விளக்கம் தேவைப்படாது, ஆடிப் பெருக்கு. திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையில் அன்று நிற்க இடம் கிடைக்காது. ஆடிப் பெருக்கு முழுக்க முழுக்கத் தமிழ்த் தேதியைச் சார்ந்த பண்டிகை. திதியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. எனவே உங்கள் தமிழ்த் தேதி வரிசை சரியா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் ஆகஸ்ட் தாளில் கிடையாது. ஆடிப் பெருக்கு என்ற எழுத்து ஒரு கட்டத்திலும், 18 என்ற எண் பக்கத்துக் கட்டத்திலும் இருந்தால், எங்கோ ஒரு நாள் நழுவியிருக்கிறது.

இரண்டு தேதிக்கும் ஒரே வகை எண்களைப் பயன்படுத்துவதால் ஒரு குழப்பம் வரும். ஆகஸ்ட் 1-இன் கட்டத்தில் 1-உம் 16-உம் இருக்கின்றன. ஆகஸ்ட் 16-இன் கட்டத்தில் 16-உம் 31-உம். 17-இன் கட்டத்தில் 17-உம் 1-உம். அறையின் மறு கோடியிலிருந்து மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்க்கும் பாட்டிக்கு எது எது என்று எப்படித் தெரியும்? அளவால்தான் தெரியவேண்டும். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது என் கணக்கு. எல்லாக் கட்டத்திலும் ஒரே மூலையில் இருக்கவேண்டும் என்பது அதைவிட முக்கியம். ஒரு கட்டத்தில் பண்டிகைப் பெயர் நீளமாக வந்துவிட்டது என்று தமிழ்த் தேதியை மட்டும் வேறு மூலைக்குத் தள்ளினால், அந்தக் கட்டத்தை யாரும் சரியாகப் படிக்கமாட்டார்கள். ௧, ௨ என்று தமிழ் எண்களைப் போட்டால் குழப்பமே இராது, அழகாகவும் இருக்கும். ஆனால் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் அவற்றை யோசிக்காமல் படிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். நான் போடமாட்டேன்.

மாதம் மாறும் கட்டம் தனிக் கவனம் கேட்பது. சனிக்கிழமை மூலையில் 31 என்று இருக்கும். மறுநாள் மூலையில் வெறும் 1 என்று வந்தால், ஆங்கில மாதமே முடிந்துவிட்டதோ என்று கண் ஒரு கணம் தடுமாறும். அங்கே ‘ஆவணி 1’ என்று மாதப் பெயரோடு அச்சிடவேண்டும். முதல் கட்டத்தில் ‘ஆடி 16’ என்று பெயரோடு போட்டதும் இதற்காகத்தான். தாளில் இந்த இரண்டு இடத்திலும், பின்னால் சொல்லப்போகும் 31-இன் கட்டத்திலும் மட்டும் மாதப் பெயர் வந்தால் போதும். சிலர் 17-இன் கட்டத்தில் மாதப் பெயருக்குப் பின்னால் மஞ்சள் பின்னணி போடுவார்கள். நல்ல பழக்கம். தலைப்பில் இருக்கும் ‘ஆடி – ஆவணி’ எங்கே பிரிகிறது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். கட்டத்தில் இரண்டு தேதியும் ஒன்றாக அச்சாகியிருந்தாலும், இரண்டும் ஒரே நேரத்தில் பிறப்பதில்லை. ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறுகிறது; தமிழ் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. ஆகஸ்ட் 17 அதிகாலை 3 மணிக்கு ஒரு குழந்தை பிறந்திருந்தால், மருத்துவமனைச் சான்றிதழில் தேதி 17. ஜாதகம் எழுதுகிறவர் ஆடி 31 என்றுதான் எழுதுவார். காலண்டர் கட்டத்தைப் பார்த்து ஆவணி 1 என்று எழுதிவிட்டுப் பிறகு திருத்திக்கொண்ட குடும்பங்கள் உண்டு. கட்டத்தின் மீது குற்றமில்லை. நள்ளிரவிலிருந்து விடியும்வரை உள்ள நேரத்தை அது காட்டவே முடியாது.

சூரியக் கணக்கு இத்தோடு முடிந்தது. சந்திரக் கணக்கு இன்னும் சிக்கலானது. ஒரு திதி சுமார் 19 மணி நேரம் முதல் 26 மணி நேரம் வரை இருக்கலாம். அது விடியலில் தொடங்கவேண்டும் என்றோ நள்ளிரவில் முடியவேண்டும் என்றோ விதி கிடையாது. 2025 ஆகஸ்ட்டில் பௌர்ணமித் திதி 8-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகலில் தொடங்கி, 9-ஆம் தேதி பிற்பகல் ஒன்றரை மணி அளவில் முடிந்தது. அமாவாசை 22-ஆம் தேதி முற்பகலின் கடைசியில் தொடங்கி, மறுநாள் பதினொன்றரை மணி அளவில் முடிந்தது. இரண்டுமே இரண்டு கட்டங்களில் கால் வைத்து நிற்கின்றன. பௌர்ணமிக்கு வெறும் வட்டம், அமாவாசைக்குக் கறுப்பாக நிரப்பிய வட்டம் என்பது காலண்டர் வழக்கம். அந்த ஒரு வட்டத்தை எந்தக் கட்டத்தில் போடுவது?

பதில் எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கிரிவலம் போகிறவருக்கு இரவு நிலவு வேண்டும், எனவே 8. தர்ப்பணம் செய்கிறவர் பிற்பகலில் அமாவாசை இருக்கும் நாளைப் பார்ப்பார், எனவே 22. விடியலில் எந்தத் திதி இருக்கிறதோ அதுவே அன்றைய திதி என்று பார்த்தால் 9-உம் 23-உம் ஆகிவிடும். ஒரே தாளில் ஒரு இடத்தில் விடியல் கணக்கும் இன்னொரு இடத்தில் இரவுக் கணக்குமாகக் கலந்துவிடக்கூடாது. வட்டத்தை விரத நாளில் போட்டு, திதி தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் சிறிய எழுத்தில் கொடுத்துவிடுவதே பத்திரமானது. கட்டத்தில் இடமில்லை என்றால் தாளின் ஓரத்தில் கொடுக்கலாம்.

சூரியக் கணக்கும் சந்திரக் கணக்கும் தனித்தனியே ஓடுவதால் ஒரு வேடிக்கையும் நடந்தது. அந்த ஆண்டு ஆவணி அவிட்டம் ஆகஸ்ட் 9-ஆம் தேதி வந்தது. தமிழ்த் தேதியைப் பாருங்கள்: ஆடி 24! பெயரில் ஆவணி இருக்கிறது, மாதமோ ஆடி. அச்சுப் பிழை என்று நினைத்து யாராவது ‘திருத்தி’ அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடப் போகிறார்கள். பிழை ஒன்றும் இல்லை. அந்தப் பண்டிகை பௌர்ணமியை ஒட்டி வருவது. சந்திரன் நமது மாதப் பிறப்புக்காகக் காத்திருப்பதில்லை.

பஞ்சாங்கத்திலும் இரண்டு வகை உண்டு. பழைய வாய்ப்பாட்டுச் சூத்திரங்களின்படி கணிப்பது வாக்கியம்; இன்றைய வானியல் கணக்கோடு ஒத்துப்போகும்படி கணிப்பது திருக்கணிதம். பெரும்பாலான நாள்களில் தேதி ஒன்றுதான், நேரத்தில் மட்டும் கொஞ்சம் வேறுபடும். சில சமயம் பெரிதாக விலகும். டெல்டாக்காரர்களுக்கு நினைவிருக்கும்: திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 என்று பல காலண்டர்களில் அச்சாகியிருந்தது. திருநள்ளாறு கோவிலோ வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது. அந்தக் கணக்கில் பெயர்ச்சி 2026-இல்தான் என்று நிர்வாகமே அறிவிக்க வேண்டியதாயிற்று. எனவே முதலில் எந்தப் பஞ்சாங்கம் என்று முடிவு செய்யுங்கள். அதன் பெயரைத் தாளின் ஓரத்தில் ஒரு வரி அச்சிடுங்கள். பாதி மாதத்துக்கு ஒன்று, மீதிக்கு இன்னொன்று என்று இணையத்தில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக் கலக்காதீர்கள். கும்பகோணத்தில் வாங்கும் காலண்டரைப் பார்த்து ஊர்க் கோவிலுக்குப் புறப்படுகிறவர்கள் அதிகம். உள்ளூர்க் கோவில்கள் பின்பற்றும் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொள்வது வாடிக்கையாளருக்குச் செய்யும் உபகாரம்.

இனி சிவப்பு. காலண்டரில் சிவப்பு என்றால் விடுமுறை என்று குழந்தைக்கும் தெரியும். எந்த விடுமுறை என்பதில்தான் குழப்பம். 2025 ஆகஸ்ட்டில் ஞாயிற்றுக்கிழமைகள் 3, 10, 17, 24, 31. தமிழ்நாடு அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் இருந்தவை மூன்று: 15 சுதந்திர தினம், 16 கிருஷ்ண ஜெயந்தி, 27 விநாயகர் சதுர்த்தி. இந்த எட்டு எண்களும் சிவப்பு. அதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். 8-ஆம் தேதி வரலட்சுமி விரதம், 9-ஆம் தேதி ஆவணி அவிட்டம் இவையெல்லாம் பண்டிகை. அரசு விடுமுறைப் பட்டியலில் இவை கிடையாது. பெயரை எழுதலாம், எண்ணைச் சிவப்பாக்கக்கூடாது. வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. அந்த மாதம் அவை 9-உம் 23-உம். அவற்றுக்குச் சிவப்பு எண்ணுக்குப் பதிலாக ஒரு சிறிய குறியீடு போட்டு, குறியீட்டின் பொருளைத் தாளின் அடியில் சொல்லிவிடவேண்டும். எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிட்டால், நகைக்கடனுக்கு வட்டி கட்டப் போகிறவர் எந்தச் சிவப்பை நம்புவது?

16-ஆம் தேதிக் கட்டம் கொஞ்சம் பாருங்கள். ஆங்கிலத் தேதி 16, தமிழ்த் தேதி 31, அரசு விடுமுறை, கிருஷ்ண ஜெயந்தி, அதே நாளில் ஆடிக் கிருத்திகை. இரண்டு கிருத்திகை வந்த ஆடி அது. திருத்தணியில் விழா நடந்தது 16-இல்தான். இவ்வளவையும் 5 சென்டிமீட்டர் அகலத்தில் எழுதும்போது எழுத்தைச் சுருக்காதீர்கள், சொல்லைச் சுருக்குங்கள். ‘கிருஷ்ண ஜெயந்தி’ ஒரு வரி, ‘ஆடிக் கிருத்திகை’ இன்னொரு வரி. ‘அரசு விடுமுறை’ என்று எழுதத் தேவையே இல்லை, அதைச் சிவப்பு எண் சொல்லிவிடுகிறது. இப்படி மிகவும் நெருக்கடியான கட்டத்தை முதலில் அமைத்துப் பார்த்து, அதில் எது பொருந்துகிறதோ அதையே மற்றக் கட்டங்களுக்கும் அளவாக வைப்பது நல்லது. காலியான கட்டத்தில் தொடங்கி அழகாக வடிவமைத்தால், 16-க்கு வரும்போது எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்யவேண்டியிருக்கும்.

அச்சு சம்பந்தமாக ஒரு விஷயம். நான்கு வண்ண ஆஃப்செட் அச்சில் சிவப்பு என்று தனி மை கிடையாது. மெஜந்தாவும் மஞ்சளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துதான் சிவப்பாகிறது. தாள் மயிரிழை நகர்ந்தாலும் இரண்டும் சரியாகப் பொருந்தாது. பெரிய எண்ணில் இது தெரியாது. மூலையில் இருக்கும் சிறிய தமிழ்த் தேதியைச் சிவப்பில் போட்டால் எழுத்தோரத்தில் மஞ்சள் நிழல் தட்டி, 18-ஆ 13-ஆ என்று தெரியாமல் போகும். சிறிய எழுத்து எல்லாம் ஒரே மையில், கறுப்பில் இருக்கட்டும். சிவப்புப் பின்னணியில் சிறிய வெள்ளை எழுத்தும் வேண்டாம். மை பரவி ‘ஷ்’, ‘ஜெ’ போன்ற எழுத்துகளின் உள்வெளிகள் அடைத்துக்கொள்ளும்.

விடுமுறைப் பட்டியல் எப்போது கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியாவது ஆடிப் பெருக்கு அன்று. நம் பக்கத்தில் காவிரிக்குக் காதோலை கருகமணி விடும் அதே நாளில் அங்கே ஆர்டர் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். டெல்டாவில் உள்ள சிறு அச்சகங்களில் பெரும்பாலும் நடப்பது, அங்கிருந்து படம் அச்சான தாளை வரவழைத்து அடியில் கடைப் பெயரை ஏற்றிக் கொடுப்பதுதான். அரசின் விடுமுறைப் பட்டியலோ பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும். தேதிப் பகுதியை அதற்கு முன் அச்சடிக்கக்கூடாது. பட்டியல் வந்த பிறகும் மாற்றம் வரலாம். 2025 பொங்கலுக்கு 14, 15, 16 தேதிகள் விடுமுறை என்று எல்லாக் காலண்டரிலும் இருந்தது. ஜனவரி தொடங்கிய பிறகு 17 வெள்ளிக்கிழமையையும் அரசு விடுமுறையாக்கி, ஈடாக 25 சனிக்கிழமையை வேலை நாளாக்கியது. எந்தக் காலண்டரிலும் அந்த 17 சிவப்பாக இல்லை. ரம்ஜான், பக்ரீத், மொகரம், மீலாது நபி ஆகியவை பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்று அந்தந்த மாதத் தாளிலேயே ஒரு வரி எழுதுவதும் இதனால்தான்.

உள்ளூர் விடுமுறை இன்னொரு தலைவலி. டெல்டா மாவட்டங்களில் அது நிறையவே உண்டு: திருவாரூர் ஆழித் தேர், தஞ்சாவூரில் ராஜராஜன் சதய விழா, மயிலாடுதுறையில் கடைமுகத் தீர்த்தவாரி, நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேளாங்கண்ணி, நாகூர் விழாக்கள். இவற்றை மாவட்ட ஆட்சியர்தான் அறிவிப்பார், அதுவும் நாள் நெருங்கிய பிறகு. ஒரு மாவட்டத்துக்கு விடுமுறை, பக்கத்து மாவட்டத்துக்கு வேலை நாள். ஆகஸ்ட் தாளில் 29-ஆம் தேதி, ஆவணி 13, வேளாங்கண்ணி கொடியேற்றம். அது ஆண்டுதோறும் மாறாத தேதி என்பதால் விழாவின் பெயரைத் தைரியமாக அச்சிடலாம். எண்ணைச் சிவப்பாக்க வேண்டாம். நாகப்பட்டினத்துக்காரருக்கு அது தெரியும், கும்பகோணத்துக்காரர் ஏமாறமாட்டார்.

ஆறாவது வரிசைக்கு வருவோம். ஆகஸ்ட் 1 வெள்ளிக்கிழமை. ஞாயிற்றில் தொடங்கும் வரிசையில் முதல் வரிசைக்கு 1, 2 மட்டுமே வரும். 3 முதல் 30 வரை நான்கு வரிசை முழுசாக நிரம்பும். 31 ஞாயிறு தனியாக ஆறாவது வரிசைக்கு விழும். ஒரே ஒரு தேதிக்காக ஆறு வரிசை வைத்தால் கட்டத்தின் உயரம் 4.2-இலிருந்து 3.5 சென்டிமீட்டராகக் குறையும். வேறு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 24-ஐயும் 31-ஐயும் ஒரே கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டுப் பிரிப்பது. தமிழ்த் தேதி, திதி எல்லாம் இரண்டு மடங்காவதால் தமிழ்க் காலண்டருக்கு இது ஒத்துவராது. இன்னொன்று, முதல் வரிசையில் காலியாக இருக்கும் ஞாயிற்றுக் கட்டத்தில் 31-ஐப் போடுவது. நம் ஊர்க் காலண்டர்களில் இதுதான் வழக்கம். 31 மேலே முதலில் நிற்பது புதியவருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். நமக்கு அது பழகிப்போய்விட்டது. கிழமை சரியாக இருக்கிறது, கட்டமும் சிறுக்கவில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: அந்தக் கட்டத்தின் மூலையில் ‘ஆவணி 15’ என்று மாதப் பெயரோடு இருக்கவேண்டும். வெறும் 15 என்று போட்டால், அதே வரிசையில் ‘ஆடி 16’ என்று வருவதைப் பார்த்து அதை ஆடி 15 என்றே படிப்பார்கள்.

படத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பன்னிரண்டு படத்துக்கும் பெரிய கோவிலும் கல்லணையும் போதும் என்று நினைக்கிறார்கள். நம்முடைய பட இடம் 35-க்கு 18, அகலம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. தஞ்சைப் பெரிய கோவில் விமானம் நெட்டையானது. அதை இந்த அகலத்தில் போட்டால் ஒன்று கலசம் வெட்டுப்படும், இல்லை விமானம் சிறுத்து இரு பக்கமும் வெறும் வானம் நிற்கும். கலசத்தை வெட்டிய படத்தைக் கடைக்காரர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. விமானம் வேண்டுமானால் தூரத்திலிருந்து திருச்சுற்று மாளிகையோடு சேர்த்து எடுத்த படமாக இருக்கட்டும். கல்லணை, படித்துறை, வயல், தேரோடும் வீதி இவையெல்லாம் இயல்பாகவே அகலமானவை.

எந்த மாதத்துக்கு எந்தப் படம் என்பதில் மறுபடியும் இரண்டு நாள்காட்டிகளின் மோதல். படம் ஆங்கில மாதத்தோடு புரள்கிறது. ஊரின் பருவமோ தமிழ் மாதத்தோடு நடக்கிறது. ஜனவரித் தாளுக்கு அறுவடை வயலைப் போடுவார்கள். மாதத்தின் முதல் பாதி மார்கழி. ஆனாலும் சம்பா முற்றி நிற்பதால் அது பொருந்திவிடும். ஆகஸ்ட்டுக்கு ஆடிப் பெருக்குப் படித்துறைப் படம் போட்டால் 3-ஆம் தேதியோடு அதன் வேளை முடிந்துவிடுகிறது, மீதி நான்கு வாரமும் அது தொங்கவேண்டும். என்னைக் கேட்டால் வாய்க்கால் நிறையத் தண்ணீரும் நாற்றங்காலும் இருக்கும் படம் ஆகஸ்ட் முழுவதும் பொருந்தும். ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் என்பதால் ஜூன் தாளுக்கு மதகுப் படம் கேட்பார்கள். தண்ணீர் கல்லணை தாண்டிக் கடைமடைக்கு வந்துசேர நாளாகும். வேதாரண்யம் பக்கத்துக் கடைக்கு அச்சிடும் காலண்டரில் ஜூன் மாதம் ததும்பும் வாய்க்காலைப் போட்டால், பார்க்கிறவர் சிரிக்கமாட்டார், கோபப்படுவார்.

சாமி படம் போடுவதானால் படத்தின் மேல் எந்த எழுத்தும் ஏறக்கூடாது. மாதம் முடிந்ததும் தாளை மடித்துப் பின்னால் தள்ளுவார்கள், கிழித்து எறியமாட்டார்கள். ஆண்டு முடிந்ததும் படத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாதப் பெயரையோ கடையின் சின்னத்தையோ படத்தின் ஓரத்தில் ஏற்றிவிட்டால் அதற்கு வழியில்லை. படத்துக்கும் தேதிப் பகுதிக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் வெள்ளை விட்டால் வெட்டுவதற்கும் வசதி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மெய்ப்புத் தாளை இருவர் சேர்ந்து பார்க்கவேண்டும். ஒருவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் படிக்க, மற்றவர் தாளில் விரல் வைத்துப் பார்க்கவேண்டும். முதலில் கிழமை: ஆகஸ்ட் 15 வெள்ளியா? அடுத்து மாதம் மாறும் கட்டம்: 16-இல் ஆடி 31, 17-இல் ஆவணி 1. பிறகு தமிழ்த் தேதியைச் சார்ந்தவை. ஆடிப் பெருக்கு 3-இல் இருக்கிறதா? கரிநாள்கள் ஆண்டுதோறும் மாறாத தமிழ்த் தேதிகள். ஆடியில் 2, 10, 20, ஆவணியில் 2, 9, 28. அப்படியானால் இந்தத் தாளில் கரிநாள் குறி ஆகஸ்ட் 5, 18, 25 ஆகிய மூன்று கட்டங்களில் மட்டுமே இருக்கவேண்டும். நான்காவது கட்டம் எதிலாவது இருந்தாலோ, மூன்றில் ஒன்று குறைந்தாலோ, பழைய ஆண்டுக் கோப்பிலிருந்து நகலெடுத்தபோது ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதன் பிறகு சிவப்பு எண்களை அரசாணைப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணவேண்டும், எட்டு. கடைசியாகத் தாளைப் புரட்டி அடுத்த மாதத்தின் முதல் கட்டத்தையும் பார்த்துவிடவேண்டும்: செப்டம்பர் 1, திங்கள், ஆவணி 16.